பிழையை மட்டும் திருத்துதல்: ஒரு விண்ணப்பக் கடிதமும் பதினொன்றாம் வகுப்பும்

மொழிப்பயிற்சிப் பகுதியில் பிழை திருத்தம் நடத்தும்போது நாம் பெரும்பாலும் தனித்தனி வாக்கியங்களையே கரும்பலகையில் எழுதுகிறோம். அந்த வாக்கியங்களில் பிழை இருக்கும் என்பது மாணவர்களுக்கு முன்பே தெரியும். ஆகவே எங்காவது ஓர் ஒற்றைச் சேர்த்து, ஒருமையைப் பன்மையாக்கிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருவர் அனுப்பிய கடிதம் அந்த வழக்கத்தை மாற்ற உதவியது.

அவர் சென்னையில் ஒரு பதிப்பகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். வீடு அரக்கோணத்தில். சென்னை சென்ட்ரல் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மின்தொடர் வண்டியில் இரண்டு மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் பேருந்து. வாரத்தில் சில நாள் வீட்டிலேயே வேலை செய்ய அனுமதி கேட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதை எனக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, இலக்கணப் பிழை மட்டும் பாருங்க. வேற எதையும் மாத்திடாதீங்க. நான் எப்படிப் பேசுவேன்னு முதலாளிக்குத் தெரியும். நடை மாறியிருந்தா, யார் எழுதிக் கொடுத்ததுன்னு கேப்பார்."

இந்த நிபந்தனைதான் என்னைக் கவர்ந்தது. பெயர்களை நீக்கிவிட்டு வகுப்பில் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். கடிதம் இதுதான்:

"ஐயா, வணக்கம். நான் தங்கள் பதிப்பகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு ஆண்டாக அரக்கோணத்தில் இருந்து தினமும் வந்து போகிறேன். காலை 6 மணிக்கு வீட்டை விட்டு கிளம்பினால் 9.30 மணிக்கு அலுவலகம் வந்து சேர்கிறேன். மாலை 6 மணிக்கு வேலையை முடித்து இரவு 9.30 மணிக்கு வீட்டிற்கு வந்து குழந்தை தூங்கிவிடுகிறது. ஒரு நாளில் 7 மணி நேரம் பயணத்திலேயே போகிறது. பில், வவுச்சர் எல்லாம் இப்போது மின்னஞ்சலில்தான் வருகிறது. அவற்றை பதிவு செய்ய கணினி வீட்டில் இருக்கிறது. வங்கி வேலைக்கும் கையெழுத்து வாங்கவும் மட்டும் அலுவலகம் வர வேண்டியிருக்கிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்து வேலை செய்ய அனுமதி தர வேண்டும். மற்ற நாள் எப்போதும் போல வருவேன். வேலை குறையாது. நான் கேட்பது சலுகை அல்ல. பயணத்தில் போகும் நேரத்தை வேலைக்கு கொடுக்கிறேன். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஒப்புக்கொள்கிறேன்."

முதல் நாள் படியெடுத்துக் கொடுத்து, "இலக்கணப் பிழையை மட்டும் திருத்துக" என்று சொல்லி ஒரு பாடவேளை விட்டேன். வந்த தாள்களைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்புதான். ஒருவன் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு முழுக்கடிதத்தையும் புதிதாக எழுதியிருந்தான். பலர் பில், வவுச்சரை அடித்துவிட்டுப் பற்றுச்சீட்டு, சான்றுச்சீட்டு என்று எழுதியிருந்தார்கள். "அனுமதி தர வேண்டும்" என்பது ஏறக்குறைய எல்லாத் தாளிலும் "அனுமதி தந்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" ஆகியிருந்தது. தவறு அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பம் என்றால் பணிவு என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்.

மறுநாள் ஒரே ஒரு விதி வைத்தேன். சிவப்பு மையில் ஒரு திருத்தம் போட்டால், ஓரத்தில் அதற்குரிய இலக்கண விதியின் பெயரை எழுத வேண்டும். பெயர் சொல்ல முடியாவிட்டால் சிவப்பு மை கூடாது. ஐயமிருந்தால் பென்சிலால் கோடிட்டு, எழுதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதலாம். இந்த இரண்டும் இல்லையென்றால் கை வைக்கக் கூடாது.

எளிய இடங்கள் விரைவில் முடிந்தன. "ஒரு ஆண்டாக" என்பது உயிர் முன் "ஓர் ஆண்டாக" ஆயிற்று. "எல்லாம் வருகிறது" என்பதில் சிறு விவாதம் நடந்தது. பில், வவுச்சர் இரண்டும் கள் விகுதி பெறாத சொற்கள். வடிவத்தை மட்டும் பார்த்தால் ஒருமை என்றே தோன்றும். ஆனால் அவற்றைத் தொகுக்கும் "எல்லாம்" அஃறிணைப் பன்மை. அதுவே "வருகின்றன" என்ற முற்றைக் கேட்கிறது. எழுவாயைத் தேடும்போது வினைக்கு அருகில் உள்ள சொல்லைப் பார்க்காதீர்கள், தொகுக்கும் சொல்லைப் பாருங்கள் என்றேன்.

வல்லினம் மிகும் இடங்கள் நான்கு. "வீட்டை விட்டுக் கிளம்பினால்" என்பதில் வன்தொடர்க் குற்றியலுகரமாக முடிந்த வினையெச்சம். "அவற்றைப் பதிவு" என்பதில் வெளிப்படையான இரண்டாம் வேற்றுமை உருபு. "பதிவு செய்யக் கணினி" என்பதில் செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். "வேலைக்குக் கொடுக்கிறேன்" என்பதில் வெளிப்படையான நான்காம் வேற்றுமை உருபு. இந்த நான்கையும் பலர் கண்டுபிடித்தார்கள். ஆனால் கண்டுபிடித்த வேகத்தில், சரியாக இருந்த "வேலை குறையாது" என்பதையும் "வேலைக் குறையாது" என்று ஆக்கிவிட்டார்கள். ஓரத்தில் என்ன விதி எழுதுவது என்று கேட்டதும் கை நின்றது. வேலை எழுவாய், குறையாது பயனிலை. எழுவாயின் பின் வல்லினம் மிகாது. "வேலை செய்கிறேன்" என்பதில் ஐ உருபு மறைந்திருப்பதால் அங்கும் மிகாது. விட்டுப்போன ஒற்றைவிட வேண்டாத ஒற்று படிப்பவரை அதிகம் தடுமாற வைக்கும் என்பது என் கருத்து. "வேலைக்" என்று கண்டவுடன் கண் ஏதோ ஒரு வேற்றுமைப் பொருளை எதிர்பார்த்துவிடுகிறது.

அடுத்து "இருந்து". கடிதத்தில் அது இரண்டு முறை வருகிறது. "அரக்கோணத்தில் இருந்து வந்து போகிறேன்" என்பதில் நீங்கல் பொருள் இருப்பதால் ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபாகக் கொண்டு "அரக்கோணத்திலிருந்து" என்று சேர்த்தோம். அதே வேகத்தில் "வீட்டில் இருந்து வேலை செய்ய" என்பதையும் சேர்க்கப் போனபோது ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, வீட்டுல இருந்துக்கிட்டே வேலை செய்யறதுன்னு அவங்க சொல்லலாம்ல?" சொல்லலாம்தான். அப்படியானால் இருந்து என்பது இரு என்னும் வினையிலிருந்து பிறந்த வினையெச்சம். தனியே நிற்பதுதான் முறை. வேலை வீட்டை விட்டு நீங்கி எங்கும் போவதில்லை. செய்பவர் வீட்டில் இருக்கிறார். ஆகவே இங்கே பிரித்து எழுதியது பிழையில்லை என்று விட்டுவிட்டோம்.

அவள் அத்துடன் அமரவில்லை. "அப்ப முதல் வரியிலயும், அரக்கோணத்துல குடியிருந்துக்கிட்டு வந்து போறேன்னு பொருள் வருமே?" என்றாள். நான் ஒரு கணம் யோசித்தேன். வரும். நான் சிவப்பு மையில் சேர்த்ததை அழித்துவிட்டுப் பென்சில் கோடாக மாற்றினேன். ஆசிரியரின் திருத்தமே பென்சிலுக்கு இறங்கியதில் வகுப்புக்கு அன்று மிகுந்த மகிழ்ச்சி.

இனி இந்தக் கடிதத்தின் கடினமான இடம். "மாலை 6 மணிக்கு வேலையை முடித்து இரவு 9.30 மணிக்கு வீட்டிற்கு வந்து குழந்தை தூங்கிவிடுகிறது." படித்தவுடன் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. குழந்தை எங்கே வேலைக்குப் போனது?

சிரிப்புக்குக் காரணம் ஓர் இலக்கண விதி. செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் வரையறுக்கிறது. "நான் வந்து உண்டேன்" என்றால் வந்தவரும் உண்டவரும் ஒருவரே. "வந்து" என்ற எச்சம் முடிவதற்கு ஒரு வினையைத் தேடுகிறது, கிடைப்பது "தூங்கிவிடுகிறது". அதன் வினைமுதல் குழந்தை. ஆகவே வந்ததும் குழந்தை, வேலையை முடித்ததும் குழந்தை என்றாகிவிடுகிறது.

இங்கே நன்கு படிக்கும் மாணவர்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். அதற்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். "மழை பெய்து நெல் விளைந்தது" என்கிறோமே, பெய்தது மழை, விளைந்தது நெல், வினைமுதல் வேறாக இருக்கிறதே என்பது அந்தத் தடை. "ஞாயிறு பட்டு வந்தான்" என்பதும் அப்படித்தான். உரையாசிரியர்கள் இவற்றை எச்சத்திரிபு என்று அமைதி கூறுவார்கள். பெய்து என்பது பெய்ய என்றும், பட்டு என்பது பட என்றும் பொருள்பட்டு நிற்கிறது என்பது விளக்கம். அப்படியானால் "வீட்டிற்கு வந்து குழந்தை தூங்கிவிடுகிறது" என்பதையும் அவ்வாறே ஏற்கலாமே?

நான் சொன்ன விடை இது. நெல் பெய்யாது, வந்தவன் ஞாயிறுபோல் மேற்கே மறைய மாட்டான். முதல் வினையை இரண்டாம் எழுவாயோடு யாராலும் சேர்க்க முடியாது என்பதால் அங்கே குழப்பம் எழ இடமில்லை. குழந்தையோ வீட்டிற்கு வரக்கூடியது. சேர்த்துப் படிக்க வழியிருப்பதால் படிப்பவர் சேர்த்துத்தான் படிப்பார். எனவே இது திருத்த வேண்டிய பிழையே. ஓரத்தில் எழுத விதியின் பெயரும் உண்டு.

ஆனால் எப்படித் திருத்துவது? வகுப்பில் பெரும்பாலோர் "வருவதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறது" என்று எழுதினார்கள். அதுதானே இயல்பு, நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இரவு 9.30 வரை சிறு குழந்தை விழித்திருக்குமா? மூன்று நான்கு பேர் மட்டும் "வந்ததும்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வாக்கியங்களும் இலக்கணப்படி சரி. பொருளோ எதிரெதிர். ஒன்றில் தாய் குழந்தையை விழித்த நிலையில் பார்ப்பதே இல்லை. மற்றொன்றில் குழந்தை தாய்க்காகக் காத்திருந்து பிறகு உறங்குகிறது. பிழை இருக்கிறது என்பதை இலக்கணம் சொல்லிவிட்டது. எது சரியான வடிவம் என்பதைச் சொல்ல அதனால் முடியாது. "வந்து" என்பதன் கீழ் பென்சில் கோடிட்டு, "நீங்கள் வருவதற்கு முன்பா, வந்த பிறகா?" என்ற கேள்வியை எழுதச் சொன்னேன்.

அன்று மாலை மாணவியிடம் கேட்டேன். "வந்ததுக்கு அப்புறம்தான் ஐயா. நான் வர்ற வரைக்கும் தூங்க மாட்டா. வந்து மூஞ்சியப் பார்த்ததும் அப்படியே சாஞ்சிடுவா" என்றார். வகுப்பின் பெரும்பான்மையை நம்பிச் சிவப்பு மையில் திருத்தியிருந்தால், அவர் எழுதாத ஒரு பொய்யை அவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பார். "வந்ததும்" என்றே வைத்தோம். அரக்கோணம் பற்றியும் அப்போதே கேட்டேன். ஊரைத்தான் குறித்தேன் என்றார். அதைச் சேர்த்து எழுதினோம்.

"சலுகை அல்ல" என்பதில் விதி தெளிவானது. அன்று ஒருமைக்கு, அல்ல பன்மைக்கு. கேட்பது ஒருமை, ஆகவே "நான் கேட்பது சலுகை அன்று". "நான் கேட்பவை சலுகைகள்" என்றிருந்தால் அல்ல சரி. மாணவர்கள் சிவப்பு மையில் திருத்தி விதியையும் எழுதினார்கள். மாணவியோ இதை ஏற்கவில்லை. "அன்றுன்னு போட்டா அந்த நாள்னு படிச்சுடுவார் ஐயா" என்று அல்லவை அப்படியே வைத்துக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. இன்றைய வழக்கில் அல்ல இரண்டு எண்ணுக்கும் வருகிறது என்பது நமக்கும் தெரியும். தேர்வில் மட்டும் அன்று என்றே எழுதும்படி வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

இனி, கை வைக்காமல் விட வேண்டிய இடங்கள். "மூன்று நாள்" என்பதைப் பலர் "மூன்று நாட்கள்" என்றும் ஓரிருவர் "மூன்று நாள்கள்" என்றும் திருத்தியிருந்தார்கள். நாட்களா நாள்களா என்று ஒரு வாக்குவாதமும் தொடங்கியது. அதற்குத் தேவையே இல்லை. நாள் பால்பகா அஃறிணைப் பெயர். ஒருமைக்கும் பன்மைக்கும் அதே வடிவம் போதும். எண்ணுப்பெயர் முன்னால் நின்று பன்மையைக் காட்டிவிட்டது. நான்கு மாடு, பத்து ரூபாய் என்று நாம் சொல்வதில் பிழை இல்லை என்றால் மூன்று நாள் என்பதிலும் இல்லை.

"அனுமதி தர வேண்டும்" என்பதிலும் பிழை இல்லை. அதைப் பணிவாக்குவது இலக்கண வேலை இல்லை என்று சொன்னபோது சிலர் ஏற்கவில்லை. "முதலாளிகிட்ட இப்படியா ஐயா கேக்கறது?" என்றான் ஒருவன். நான் அடுத்த வரிகளைப் படிக்கச் சொன்னேன். தான் கேட்பது சலுகை இல்லை என்கிறார்; பயண நேரத்தை வேலைக்குக் கொடுக்கிறேன் என்கிறார். தந்தருளுமாறு பணிந்து வேண்டிவிட்டு, உடனே சலுகை இல்லை என்று சொன்னால் இரண்டும் ஒட்டுமா? நடையை மாற்றும் ஒரு திருத்தம் அடுத்த வாக்கியத்தின் அடியைப் பெயர்த்துவிடுகிறது. அவன் முழு மனதோடு ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் சிவப்பு மையை அழித்துவிட்டான்.

எனக்குச் சோதனையாக அமைந்தது கடைசி வாக்கியம். "சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஒப்புக்கொள்கிறேன்." எழுவாய், நிபந்தனை எச்சம், உம்மை, முற்று எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கின்றன. ஒரு புள்ளிகூடத் தவறில்லை. அதே வேலையைச் செய்யப்போகிற பெண், யாரும் கேட்காமலே சம்பளக் குறைப்புக்கு எழுத்தில் சம்மதம் தருகிறார். வகுப்பும் இதைக் கவனித்துவிட்டது. "ஐயா, இந்த வரியை எடுத்துடலாம், அவங்களுக்கு நல்லதுதானே" என்று முன்வரிசைப் பெண்கள் சொன்னார்கள். எடுத்துவிட எனக்கும் கை துடித்தது. பிழை திருத்துபவர் என்ற பெயரில் ஒருவரின் பேரத்தை நாம் முடிவு செய்யலாமா என்பதே கேள்வி. "குறைந்தாலும்" என்பதைக் "குறையாவிட்டால்" என்று மாற்றுவது போன்ற குறும்புகளையும் ஒருவன் முன்மொழிந்தான், கலகலப்பாக இருந்தது.

முடிவில் திருத்திய தாளில் அந்த வரியைத் தொடவில்லை. தனியாக ஒரு துண்டுத் தாளில், "கடைசி வரியில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று நீயே ஒருமுறை யோசித்துப் பார்" என்று எழுதி அனுப்பினேன். கருத்துச் சொல்வதாக இருந்தால் இப்படித் தனித்தாளில் சொல்வதே முறை என்று நினைக்கிறேன். திருத்தத் தாளுக்குள் புகுத்தினால், பிழை என்று நம்பி அவர் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடுவார்.

இரண்டு நாள் கழித்து அழைத்தார். "கொஞ்சம்" என்பதை அடித்துவிட்டு "பேருந்துப்படி" என்று எழுதியிருக்கிறாராம். சம்பளம் குறைந்தாலும் என்பது பேருந்துப்படி குறைந்தாலும் என்றாகிவிட்டது. வராத நாளுக்குப் பயணப்படி வாங்குவது தனக்கே சரியாகப் படவில்லை, அதைத்தான் சொல்ல நினைத்தேன், எழுதும்போது சம்பளம் என்று வந்துவிட்டது என்றார். சம்பளம் என்ற சொல்லையும் அடித்தாயா என்று கேட்டேன். இல்லை, "சம்பளம் பேருந்துப்படி குறைந்தாலும்" என்றே இருக்கிறது! அதைச் சிவப்பு மையில் திருத்த எனக்கு உரிமை இருந்தது. முதற்சொல்லை நீக்கச் சொன்னேன்.

வாரத்தில் இரண்டு நாள் என்று அனுமதி கிடைத்தது என்று பின்னர் அறிந்தேன்.

இந்தப் பயிற்சியை இப்போது அரையாண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு பாடவேளைகளில் நடத்துகிறேன். ஒன்பது திருத்தங்களுக்கு ஒன்பது மதிப்பெண். விதியின் பெயர் இல்லாத திருத்தத்திற்குப் பாதிதான். சரியாக இருந்ததைத் திருத்தினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். "வந்து" என்ற இடத்தில் "வருவதற்குள்" என்றோ "வந்ததும்" என்றோ எழுதியவர்களுக்குப் பாதி மதிப்பெண்ணும், கோடிட்டுக் கேள்வி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண்ணும் தருகிறேன். கடிதம் கிடைக்காத பள்ளிகளில் மாணவர்களின் பெற்றோர் வங்கிக்கோ மின்வாரியத்திற்கோ எழுதும் விண்ணப்பத்தைப் பயன்படுத்தலாம். எழுதியவர் தொலைபேசியில் விடை சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்சில் கோடுகள் எல்லாம் விடையின்றி நின்றுவிடும்.